அப்பா இறக்கும்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு எவ்வளவு பங்கு? அனுபவமுள்ளவர்கள் பகிருங்கள்

பத்திர எழுத்தர்:
நான் பார்த்தவற்றில் திரும்பத் திரும்ப வருகிற ஒன்றைச் சொல்கிறேன். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆண், சுயார்ஜிதமாக 2 ஏக்கர் 40 சென்ட். மனைவி ஐந்து மாதக் கர்ப்பம். மூத்தது ஒரு பெண், இறந்தவரின் தாய் உயிரோடு இருக்கிறார். தகப்பனாரும் இருக்கிறார், ஆனால் இவர்கள் இருக்கையில் அவருக்குப் பங்கில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள், மூன்று பேருக்கும் ஆளுக்கு 80 சென்ட் என்று பிரித்துவிடுவார்கள். அது தப்பு. 1956 வாரிசுரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவுப்படி, வயிற்றிலுள்ள குழந்தை உயிரோடு பிறந்தால் அப்பா இறந்த நாளிலிருந்தே அதற்குப் பங்கு உண்டு. ஆக நாலு பேர், ஆளுக்கு 60 சென்ட். இரட்டைக் குழந்தை என்றால் ஐந்து பேர், ஆளுக்கு 48. அதனால்தான் பிரசவம் முடியும்வரை பாகப்பிரிவினை எழுத வேண்டாம் என்கிறேன்.

கரிசல்காடு:
பிறந்த பிறகுதானே உரிமை வருகிறது? அதற்கு முன் விற்றது செல்லும் என்றுதான் எங்கள் பக்கம் சொல்கிறார்கள்.

பத்திர எழுத்தர்:
பாதி சரி. உயிரோடு பிறக்காவிட்டால் பங்கே இல்லை, அதுவரை சரி. பிறந்துவிட்டால் உரிமை பின்னோக்கிப் போய் இறந்த நாளில் உட்கார்ந்துகொள்ளும். இடையில் முழு 2 ஏக்கர் 40 சென்ட்டையும் வாங்கியவர், அந்த 60 சென்ட்டுக்கு விற்கும் உரிமையில்லாதவர்களிடம் வாங்கியிருக்கிறார்.

பிறந்த பின்னும் அவசரப்பட முடியாது. மைனரின் மனை, நிலத்தைத் தாய் விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் விற்றால், பிள்ளை 18 முடிந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட்டு அதைக் கவிழ்க்கலாம். வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றை மட்டும் பார்க்கிறார்கள். அதில் வயிற்றுப் பிள்ளை தெரியாது. இறப்புத் தேதியையும் கடைசிப் பிள்ளையின் பிறந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நாகூர் வாசகி:
என் தம்பி மவுத்தானபோது அவன் மனைவிக்கு ஏழு மாதம். மூத்த மகள் ஒருத்தி, எங்கள் உம்மா இருக்கிறார்கள். எங்களுக்கும் ஆளுக்குக் கால் பங்குதானா?

பத்திர எழுத்தர்:
இல்லை அக்கா. நான் எழுதியது இந்துக்களுக்கான சட்டம். உங்களுக்கு ஷரீஅத் கணக்கு. மனைவிக்கு எட்டில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று. மூத்த மகள் இருப்பதால் பிறப்பது எதுவானாலும் இவை மாறாது. மாறுவது மகளின் பங்கு: தம்பி பிறந்தால் மீதியில் அவனுக்கு இரண்டு, அவளுக்கு ஒன்று. தங்கை பிறந்தால் இருவருக்கும் சேர்ந்து மூன்றில் இரண்டு. எவ்வளவு ஒதுக்கி வைப்பது என்பதில் மத்ஹபுக்கு மத்ஹப் வேறுபாடு உண்டு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

ஓய்வு நர்ஸ்:
ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. பிறந்து சில மணி நேரத்தில் குழந்தை இறந்தால்?

அழுதாலும் மூச்சு விட்டாலும் அது உயிருள்ள பிறப்பு. பிறப்பும் பதிய வேண்டும், இறப்பும் பதிய வேண்டும். துக்கத்தில் குடும்பத்தார் "செத்தே பிறந்தது" என்று சொல்லி, அப்படியே பதிவாகிவிடுகிறது. பிரசவக் குறிப்பு நகலைத் தாய் கையில் வாங்கி வைக்க வேண்டும்.

பத்திர எழுத்தர்:
அம்மா சொல்வதுதான் உயிர்நாடி. அதே நிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செத்துப் பிறந்தால் ஆளுக்கு 80. பிறந்து இறந்தது ஆண் என்றால், அதன் 60 சென்ட்டுக்கு வாரிசு அதன் தாய் மட்டும். ஆக அவருக்கு 120, மூத்த மகளுக்கும் பாட்டிக்கும் 60, 60. பெண் குழந்தை என்றால் வேறு. தகப்பன் வழி வந்த சொத்து என்பதால் 15ஆம் பிரிவுப்படி அது தகப்பனின் வாரிசுகளுக்கே திரும்பும். 60ஐ மூவரும் பிரிக்க, மறுபடி ஆளுக்கு 80. ஒரு மணி நேர மூச்சில் ஒரு விதவைக்கு 40 சென்ட் கூடலாம், கூடாமலும் போகலாம்.

கரிசல்காடு:
பிள்ளை அவருடையதே இல்லை என்று மாமியார் வீட்டார் கிளப்பினால்?

பத்திர எழுத்தர்:
கணவர் இறந்து 280 நாளுக்குள் பிறந்து, தாய் மறுமணம் செய்யாமல் இருந்தால் சட்டம் அவர் பிள்ளையாகவே எடுத்துக்கொள்ளும். மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். இறப்புக்கு முன் எடுத்த ஸ்கேன் இருந்தால் பேச்சே எழாது. பிறந்ததும் பெயரைச் சேர்த்துப் புது வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியரிடம் மனுப் போடுங்கள். பழைய சான்றை வைத்துப் பட்டா மாற்றினால் பிள்ளை பெயர் விடுபட்டுப் போகும்.

ஓய்வு நர்ஸ்:
பிரசவத்துக்கு முன்பே எல்லோருமாக விற்று, வாங்கியவர் வீடும் கட்டிவிட்டால்? பிள்ளை அந்த மூன்று ஆண்டுக்குள்தான் வர வேண்டுமா?

பத்திர எழுத்தர்:
அங்கேதான் வக்கீல்களே இரண்டாகப் பிரிகிறார்கள். கார்டியனாகத் தாய் விற்றதற்குத்தான் மூன்று ஆண்டு, பிறக்காத பிள்ளைக்கு யாருமே கையெழுத்திடவில்லையே என்கிறார்கள் சிலர். தாய் கையெழுத்து இருக்கும்போது மூன்று ஆண்டுதான் என்கிறார்கள் மற்றவர்கள். இது பற்றி வழக்கு நடத்தியவர்கள் இருந்தால் எழுதுங்கள்.