அரிசிம்பருப்பு சாதத்தை ஆங்கிலத்துல எழுதுனா எங்கெங்க மாட்டுது?

பவானிக்கரை
திருத்த வந்த ஒரு குறிப்புல எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்லீங்க. ஆனா அதுல சொன்னபடி செஞ்சா சாதம் குழைஞ்சு போயிரும். காரணம், ஒரு வினைச்சொல் நின்ன இடம். மேல இருக்கறது வந்த வரி, கீழ திருத்துன வரி:

```
1 cup soaked rice
1 cup rice, soaked
```

முதல் வரிப்படி ஊறுன அரிசியை அளக்கோணும். ஊறுனது உப்பியிருக்கும், அதனால கப்புக்குள்ள அரிசி கொறைவாத்தான் போகும். தண்ணி மட்டும் அதே 3 கப். ரெண்டாவது வரில அளந்துட்டுத்தான் ஊற வெக்கறோம். காற்புள்ளிக்கு முன்னால இருக்கறதை அளக்கோணும், பின்னால இருக்கறது அளந்தப்புறம் செய்யற வேலை. சின்ன வெங்காயம் நறுக்கறதுக்கும் இதே கணக்குத்தான்.

கோபி வாசல்
அரிசிம்பருப்புக்கு எதுக்குங்க ஊற வெக்கறது? எங்கூட்டுல கழுவி நேரா குக்கர்ல போட்டுருவோம். கடைசில நெய் ஊத்துனாப் போதும்.

பவானிக்கரை
ஊற வெக்கலாமா வேண்டாமாங்கறது சமைக்கறவங்க இஷ்டமுங்க. எழுதுனதைப் படிக்கறவங்க எதை அளப்பாங்கங்கறதுதான் இங்க பேச்சு.

நொய்யல்
கப்பு அளவுக்கு ரொம்ப மண்டையை ஒடச்சுக்க வேண்டாங்க. அரிசி, பருப்பு, தண்ணி மூணையும் ஒரே டம்ளர்ல அளந்தா விகிதம் மாறாது. எந்தக் கப்பா இருந்தா என்ன?

பவானிக்கரை
தண்ணி வரைக்கும் நீங்க சொல்றது சரிங்க. உப்பும் மொளகாத்தூளும் கரண்டிக் கணக்குல இருக்கே, அங்கதான் ஒதைக்கும். எலக்ட்ரிக் குக்கரோட வர்ற கப்பு பெரும்பாலும் 180 மில்லி, அளவுக் கப்பு 240 மில்லி. 240-க்குன்னு 1½ டீஸ்பூன் உப்பு எழுதியிருக்குதுன்னு வெச்சுக்குங்க. 180 கப்புக்காரர் அதே உப்பைப் போட்டா, வேண்டியதுக்கு மேல மூணுல ஒரு பங்கு ஏறிரும். அதனால குறிப்போட தலைமாட்டுலயே ‘1 கப் = 240 மில்லி’ன்னு ஒரு வரி போட்டுருங்க. ஆஸ்திரேலியாவுல டேபிள்ஸ்பூன் 20 மில்லி, மத்த எடங்கள்ல பெரும்பாலும் 15. டீஸ்பூன் எங்கயும் 5 தான். அதனால உப்பை டீஸ்பூன்லயே எழுதறது நல்லது.

சென்னிமலை அக்கா
வினைச்சொல்லுக்கு இன்னொரு சோதனை இருக்குதுங்க. செய்முறைல ‘கிரவுண்ட் மசாலாவைச் சேர்’னு வந்தா, மேல எங்காவது ‘கிரைண்ட்’னு ஏவல் இருக்கோணும். இல்லீன்னா அரைக்கற படியே விட்டுப் போச்சுன்னு அர்த்தம். ‘ஃப்ரைட்’, ‘சாப்டு’ன்னு முடிஞ்ச வேலையாச் சொல்ற சொல்லை எல்லாம் அடிக்கோடு போட்டு, அதது எந்தப் படில நடந்துச்சுன்னு மேல தேடுனா ஓட்டை தானா வெளிய வந்துரும். ‘சாப்டு ஆனியன்’ மாதிரி பொருள் பட்டியல்லயே நறுக்கச் சொல்லியிருந்தா அது போதும், தனிப் படி வேண்டாம்.

அப்புறம், படிக்குப் படி குரல் மாறக் கூடாது. ‘ஆட்’னு ஏவல்ல ஆரம்பிச்சு, நடுவுல ‘வீ ஆட்’, கடைசில ‘ஐ ஆடட்’னு வந்தா, செய்யச் சொல்றாங்களா கதை சொல்றாங்களான்னே தெரியாது. ‘கடுகு வெடிச்சதும்’ங்கற இடத்துல ‘வென்’னுக்கு அப்புறம் ‘வில்’ போடறதும் நம்மாளுங்ககிட்ட நெறைய.

கோபி வாசல்
கிரைண்டட்னு எழுதக் கூடாதுங்களா?

சென்னிமலை அக்கா
கூடாதுங்க தம்பி. கிரவுண்ட்.

நொய்யல்
எழுத்தை ஒரே மாதிரி ஆக்கறது ஈஸிங்க. தேடி மாத்தற வசதில போட்டா ஒரே அமுக்குல முடிஞ்சுது.

பவானிக்கரை
அந்த ஒரே அமுக்குதான் ஆபத்து. துவரம்பருப்பு ஒரு எடத்துல `tur`, இன்னொரு எடத்துல `toor`ன்னு இருந்தா, முதல்ல இருக்கறதை மொத்தமா மாத்தும்போது மஞ்சத்தூள் `toormeric` ஆயிரும், ‘அடுப்பை அணை’ங்கற வரில `toorn off`னு நிக்கும். முழுச்சொல்லா இருந்தா மட்டும் மாத்தச் சொல்லோணும். கூகுள் டாக்ஸ்ல ரெகுலர் எக்ஸ்பிரஷனை டிக் பண்ணிட்டு இப்படித் தேடலாம்:

```
\btur\b
```

மொளகாய்க்கு ரெண்டு ‘எல்’லா ஒண்ணாங்கறதையும் முடிவு பண்ணிக்குங்க. நம்ம பக்கமும் பிரிட்டன்லயும் ரெண்டு, அமெரிக்காவுல ஒண்ணு. ஆனா அமெரிக்கர்களுக்கு எழுதறப்ப ஒரு ‘எல்’லை எடுத்தா மட்டும் பத்தாது. அங்க அந்தப் பேர்ல கடைல விக்கற தூள்ல சீரகம், ஓரிகானோ, பூண்டெல்லாம் கலந்திருக்கும். வெறும் செவப்பு மொளகாத்தூள்னு தெளிவா எழுதோணும்.

வெள்ளகோவில்
‘3 விசில்’ங்கறதை என்ன பண்றதுங்க? விசிலே அடிக்காத குக்கர் வெச்சிருக்கறவங்க கேக்கறாங்க.

சென்னிமலை அக்கா
நிமிசக் கணக்குல மாத்தி எழுதிருங்க.

பவானிக்கரை
அதுல எனக்கு முழு உடன்பாடு இல்லீங்க அக்கா. அடுப்புத் தீ, அரிசியோட பழசு புதுசு எல்லாம் பொறுத்து ஒரே 3 விசில் வேற வேற நேரம் எடுக்கும். விசிலையும் வெச்சு, பக்கத்துல ‘பருப்பை நசுக்குனா மசியோணும்’னு ஒரு அடையாளமும் எழுதலாம்னு தோணுது.

சென்னிமலை அக்கா
மூடுன குக்கருக்குள்ள பருப்பை எப்புடிங்க நசுக்கிப் பாக்கறது?