பொதுத்தேர்வுக் காலத்தில் தற்செயல் விடுப்பு: தலைமை ஆசிரியர் மறுக்கலாமா?

கொள்ளிடக்கரை:
அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் முதுகலை ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். குளியலறையில் விழுந்ததில் என் தாயாருக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. 2025 மார்ச் 10, திங்கட்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். உடனிருக்க என்னைத் தவிர வேறு ஆள் இல்லை. பிப்ரவரி 20 அன்று ஐந்து நாள் தற்செயல் விடுப்புக்குக் கடிதம் கொடுத்தேன். "மார்ச், ஏப்ரலில் யாருக்கும் எந்த விடுப்பும் கிடையாது" என்று வாய்மொழியாகச் சொல்லிக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் தலைமை ஆசிரியர். அவருக்கு அப்படிச் சொல்ல அதிகாரம் உண்டா?

உரிமைக்குரல்:
அதிகாரம் இல்லை, சகோதரி. ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு நமக்கு அரசு கொடுத்தது; அதைத் தருவதும் தராததும் ஒருவருடைய விருப்பத்தைப் பொறுத்ததல்ல. ஆனாலும் இப்போது அவரோடு வாதாடிக்கொண்டிருக்க நேரமில்லை. தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் சான்று வாங்கி, பதினைந்து நாள் மருத்துவ விடுப்பு போட்டுவிட்டுத் தாயாரைப் பாருங்கள். மருத்துவச் சான்றோடு வரும் விண்ணப்பத்தை யாரும் மறுக்க முடியாது. எங்கள் ஒன்றியத்தில் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

தேர்வுமையம்:
நான் தலைமை ஆசிரியராக இருக்கிறேன். நான்கு ஆண்டுகள் முதன்மைக் கண்காணிப்பாளராகத் தேர்வு மையம் நடத்தியிருக்கிறேன். சகோதரியின் நிலை வருத்தத்திற்குரியதுதான். ஆனால் மார்ச் மாதத்தில் ஓர் ஆசிரியர் வராமல் போனால் தேர்வு மையத்தில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓர் அறைக்கு இருபது மாணவர்கள், ஒரு கண்காணிப்பாளர். பத்து மணிக்கு வினாத்தாள் மாணவர் கையில் இருந்தாக வேண்டும். அதற்கு முன்பே அறையில் இரண்டு மாணவர்களிடம் கையொப்பம் பெற்று உறையைப் பிரிக்க வேண்டும். ஒன்பது மணிக்கு ஒருவர் வரவில்லை என்று தெரிந்தால், இருப்பில் வைத்திருக்கும் ஆசிரியரை அந்த அறைக்கு அனுப்புவேன். இரண்டாமவரும் வரவில்லை என்றால் அலுவலக உதவியாளரையா உள்ளே நிறுத்த முடியும்? 2025இல் மேல்நிலை இரண்டாமாண்டுத் தேர்வு மார்ச் 3 முதல் 25 வரை. முதலாமாண்டுத் தேர்வு 5 முதல் 27 வரை. இரண்டும் பின்னிப்பிணைந்து வருவதால் மூச்சுவிடும் வாரம் என்று ஒன்று இல்லை. ஒருவருக்குக் கொடுத்தால் மறுநாள் என் மேசையில் ஆறு விண்ணப்பங்கள் இருக்கும். அந்தத் தலைமை ஆசிரியர் சொன்னதை நான் தவறு என்று சொல்ல மாட்டேன்.

மல்லிகை:
எனக்கு மூன்றாண்டுகளுக்கு முன் மார்ச் முதல் வாரத்தில்தான் மகப்பேறு விடுப்பு தொடங்கியது. பொதுத்தேர்வுக் கடமைக்கு என் பெயர் போயிருந்தும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; ஓராண்டு விடுப்பு அப்படியே கிடைத்தது. எனவே தேர்வுக் காலத்தில் விடுப்பு கிடையாது என்பதே தவறான செய்தி. அந்த ஆணையைத் தலைமை ஆசிரியரிடம் காட்டுங்கள்.

கோப்புக்காரர்:
மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விடுப்புக் கோப்புகள் பல ஆண்டுகள் என் மேசை வழியாகத்தான் சென்றன. மேலே சொல்லப்பட்டவற்றில் ஒவ்வொன்றிலும் பாதி சரி.

முதலில் மகப்பேறு விடுப்பு. 2021 ஜூலை 1 முதல் அது ஓராண்டு. தகுதி இருந்தால் தேதியைப் பார்த்து அதை மறுப்பதில்லை. அந்த ஆணையைத் தாயாரின் சிகிச்சைக்குக் காட்டுவது உதவாது. அது வேறு வகை விடுப்பு.

அடுத்து, "விடுப்பு என் உரிமை" என்பது. அடிப்படை விதி 67 இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: விடுப்பை உரிமையாகக் கோர முடியாது, பொதுப்பணியின் தேவை கருதி அதை மறுக்கவும், கொடுத்ததைத் திரும்பப் பெறவும் அனுமதிக்கும் அதிகாரிக்கு விருப்புரிமை உண்டு. கணக்கில் பன்னிரண்டு நாள் இருப்பதாலேயே கேட்ட நாளில் கிடைத்துவிடாது. இந்த அளவில் தலைமை ஆசிரியர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் தேர்வுமையம் ஐயா ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு விண்ணப்பத்தைக் கையில் வைத்து, இன்ன நாளில் இன்ன பணி இருக்கிறது, இவருக்கு மாற்று இல்லை என்று பார்த்து மறுப்பதுதான் விருப்புரிமை. விண்ணப்பத்தைப் படிக்காமலே இரண்டு மாதத்திற்கு மொத்தமாகக் கதவைச் சாத்துவது விருப்புரிமையைப் பயன்படுத்தாமல் விடுவதாகும். கடிதத்தைத் திருப்பிக் கொடுத்ததுதான் இதில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. பெற்றுக்கொண்டு, காரணம் எழுதி மறுத்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

மருத்துவ விடுப்பு யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். அது விண்ணப்பிப்பவருடைய சொந்த நோய்க்கு உரியது. தாயாரின் அறுவை சிகிச்சைக்குப் பொருந்தாது. ஐயம் எழுந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம்; மார்ச் மாதத்தில் கொத்தாக வரும் சான்றுகள் மீது ஐயம் எழாமல் இருப்பது அரிது. என் காலத்தில் ஓர் ஆசிரியர் வைரஸ் காய்ச்சல் என்று சான்று வைத்தார். அதே தேதியில் தந்தையின் அறுவை சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் அவருடைய கையொப்பம் இருந்தது. பிறகு மருத்துவச் செலவைக் கோரியபோது அந்தப் படிவத்தின் நகலை அவரே இணைத்து அனுப்பியிருந்தார். 17ஆ பிரிவில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. அது நிலுவையில் இருந்ததால் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் சேரவில்லை. உண்மையான காரணத்தை எழுதியிருந்தால் அவருக்கு நான்கு நாளாவது கிடைத்திருக்கும்.

உரிமைக்குரல்:
ஒப்புக்கொள்கிறேன் ஐயா, மருத்துவ விடுப்பு பற்றி நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். ஆனால் அடிப்படைக் கேள்வி அப்படியே நிற்கிறது. ஆசிரியருக்குக் கோடையில் விடுமுறை இருக்கிறது என்று சொல்லி ஈட்டிய விடுப்பை ஆண்டுக்குப் பதினேழு நாளாகக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கோடையிலும் விடைத்தாள் மதிப்பீட்டு முகாமுக்கு எங்களை அனுப்புகிறார்கள். தாய்க்கு எலும்பு முறிவது விடுமுறை பார்த்து வருவதில்லை. விதி 67ஐ ஒவ்வொரு மார்ச்சிலும் எடுத்துக் காட்டினால், கணக்கில் இருக்கும் விடுப்பு வெறும் எண்ணாகவே நின்றுவிடும்.

தேர்வுமையம்:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் குறை உண்மையானது. ஆனால் தேர்வறையில் உட்காரும் இருபது பேரும் அந்தக் குறைக்குப் பொறுப்பானவர்கள் அல்லர். கோப்புக்காரர் ஐயா சொன்னபடி கடிதத்தை வாங்கியிருக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். நானும் சில ஆண்டுகள் ஆசிரியர் கூட்டத்தில் இப்படிப் பொதுவாகச் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னால்தான் தேவையற்ற விண்ணப்பங்கள் வராது என்பதே காரணம்.

கொள்ளிடக்கரை:
அனைவருக்கும் நன்றி. தற்செயல் விடுப்பில் இரண்டு நாள்தான் இந்த ஆண்டு எடுத்திருக்கிறேன். செய்முறைத் தேர்வு பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டது. புறத் தேர்வாளராகப் போன பள்ளியின் மதிப்பெண் பட்டியலையும் ஒப்படைத்துவிட்டேன். அறைக் கண்காணிப்பாளருக்கான ஆணை இன்னும் என் கைக்கு வரவில்லை. தற்செயல் விடுப்பா, ஈட்டிய விடுப்பா, எதைக் கேட்பது?

கோப்புக்காரர்:
ஆணை வரவில்லை என்பதுதான் இதில் முக்கியமான செய்தி. முதல் பதிவிலேயே நீங்கள் எழுதியிருக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மார்ச் 10 திங்கள் முதல் 14 வெள்ளி வரை ஐந்து நாள். முன்னால் 8, 9. பின்னால் 15, 16. உங்கள் பள்ளிக்கு அந்தச் சனிக்கிழமைகள் விடுமுறை என்றால் தொடர்ந்து ஒன்பது நாள் பள்ளியில் இருக்க மாட்டீர்கள். தற்செயல் விடுப்பு, இடையிலும் ஓரத்திலும் வரும் விடுமுறைகளோடு சேர்த்துப் பத்து நாளைத் தாண்டக் கூடாது. எனவே இது வரம்புக்குள் இருக்கிறது. மருத்துவமனையில் கூடுதலாக ஒரு வாரம் இருக்கச் சொன்னால் இந்த வழி முடிந்துவிடும். அப்போது அதனோடு ஈட்டிய விடுப்பை ஒட்ட முடியாது, ஏனெனில் தற்செயல் விடுப்பை மற்ற விடுப்போடு சேர்க்க இயலாது. நீண்ட நாள் தேவைப்படும் என்று மருத்துவர் இப்போதே சொல்லியிருந்தால் 10ஆம் தேதியிலிருந்தே ஈட்டிய விடுப்பாகக் கேளுங்கள். கணக்கில் அது இல்லாவிட்டால், சொந்த அலுவலின் பேரில் ஈட்டா விடுப்பு என்று ஒன்று இருக்கிறது. சம்பளம் பாதிதான் வரும். பலர் அதை மறந்தே போய்விடுகிறார்கள்.

கடிதத்தை நீட்ட வேண்டாம். இப்படி எழுதினால் போதும்: "என் தாயாருக்கு 10.03.2025 அன்று இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. உடனிருந்து கவனிக்க வேறு எவரும் இல்லாததால் 10.03.2025 முதல் 14.03.2025 வரை ஐந்து நாள்கள் தற்செயல் விடுப்பும், அந்நாள்களில் அறைக் கண்காணிப்புப் பணியிலிருந்து விலக்கும் அளிக்க வேண்டுகிறேன். மருத்துவமனையின் அனுமதிக் கடிதத்தை இணைத்துள்ளேன். 17.03.2025 முதல் எந்த மையத்திலும் பணியாற்ற ஆயத்தமாக உள்ளேன்." களஞ்சியம் செயலியிலும் அதே நாளில் பதிவு செய்யுங்கள், அங்கே விழுந்த விண்ணப்பத்தைக் கையில் திருப்பிக் கொடுத்துவிட முடியாது.

தேர்வுமையம்:
கடைசி வரியை நான் வரவேற்கிறேன். "வர மாட்டேன்" என்று வரும் கடிதத்துக்கும், "இந்த ஐந்து நாள் மட்டும் முடியாது, மற்ற நாளெல்லாம் போடுங்கள்" என்று வரும் கடிதத்துக்கும் என்னைப் போன்றவர்கள் தரும் மதிப்பு வேறு. ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். அறைக் கண்காணிப்புக்கு ஆணை வழங்கியது மாவட்ட நிர்வாகம் என்றால், வழங்கிய பிறகு விலக்குத் தர உங்கள் தலைமை ஆசிரியரால் முடியாது. பள்ளி விடுப்பை அவர் கொடுத்தாலும் மையத்தில் நீங்கள் வராதவராகவே பதிவாவீர்கள். ஆணைக்கு முன்பே கடிதம் முதன்மைக் கல்வி அலுவலகத்திற்குப் பரிந்துரையோடு சென்றுவிட்டால், அந்த வாரத்திற்கு வேறு பெயர் போடுவது எளிது.

உரிமைக்குரல்:
பரிந்துரைக்க மாட்டேன் என்று அவர் சொன்னால்? மாற்று ஆசிரியரை விண்ணப்பிப்பவரே தேடித் தர வேண்டும் என்று எங்கள் பகுதியில் கேட்கிறார்கள். அது எந்த விதியில் இருக்கிறது?

கோப்புக்காரர்:
அப்படி ஒரு விதியை என் பணிக்காலத்தில் நான் எந்தக் கோப்பிலும் பார்த்ததில்லை. மாற்று ஏற்பாடு நிர்வாகத்தின் வேலை. தேர்வுமையம் ஐயா இதில் என்னோடு உடன்பட மாட்டார் என்று நினைக்கிறேன்.

தேர்வுமையம்:
உடன்படவில்லை. விதியில் இல்லைதான், ஆனால் சக ஆசிரியர் ஒருவரின் ஒப்புதலோடு வரும் விண்ணப்பத்தை நான் அன்றே அனுப்புவேன், இல்லாததை எண்ணிப் பார்த்துத்தான் அனுப்புவேன்.

கொள்ளிடக்கரை:
இன்று காலை செயலியில் பதிவு செய்துவிட்டு, கடிதத்தை மருத்துவமனைக் கடிதத்துடன் அலுவலகத்தில் கொடுத்து நகலில் முத்திரை பெற்றேன். தலைமை ஆசிரியர் இம்முறை வாங்கிக்கொண்டார். வேதியியல் ஆசிரியை ஒருவர் அந்த வாரம் எனக்குப் பதிலாகப் போகிறேன் என்று தானாகவே எழுதிக் கொடுத்தார், அதையும் இணைத்திருக்கிறேன். மூன்று நாள் தருவதாகவும், 13, 14 பற்றி ஆணை வந்த பிறகு பார்க்கலாம் என்றும் தலைமை ஆசிரியர் சொல்லியிருக்கிறார்.