வீட்டுக் கடனுக்கு ஹெச்.ஆரிடம் பணிச் சான்றிதழ் கேட்கும் கடிதம்: பிழை பார்த்துச் சொல்லுங்கள்

கேட்டவர்: வணக்கம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். சம்பளச் சீட்டு, படிவம் 16 எல்லாம் கொடுத்த பிறகும் வங்கியில் பணிச் சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். ஹெச்.ஆருக்கு இப்படி எழுதியிருக்கிறேன்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் 2019 முதல் நமது நிறுவனத்தில் பணிபுறிந்து வருகிறேன். எனது மாத சம்பளம் ரூ.38,000. வீட்டு கடன் பெற உள்ளதால் உடனடியாக சான்றிதழை தந்து கடனுக்கு ஒத்துழைக்குமாறு கேட்டு கொள்கிறேன்."

கோவைக்காரர்: 'பணிபுரிந்து' என்பதற்குச் சின்ன 'ரி'. மாதச் சம்பளம், வீட்டுக் கடன், உடனடியாகச் சான்றிதழைத் தந்து, கேட்டுக்கொள்கிறேன். ஒற்று வைத்தால் சரியாகிவிடும். வங்கிப் பெயர் போடாமல் பொதுவாக வாங்குங்கள், எங்கேயும் ஆகும்.

நூல்மில்: வேலையை விட்ட பிறகுதானே அனுபவச் சான்றிதழ் தருவார்கள்? எனக்கு மூன்று மாதம் இழுத்தடித்தார்கள்.

பழைய பேரோல்: அது வேறு தம்பி. இவர் கேட்பது இப்போதும் அங்கே வேலையில் இருக்கிறார் என்பதற்கான கடிதம்.

ஒற்றை விட எனக்கு உறுத்துவது 'கடனுக்கு ஒத்துழைக்குமாறு'. படிக்கிறவருக்கு ஜாமீன் கேட்கிற மாதிரி இருக்கும், அங்கேயே ஃபைல் நின்றுவிடும். அதை எடுத்துவிடுங்கள். 38,000 மொத்தமா, கைக்கு வருவதா?

கேட்டவர்: மொத்தம்தான் அண்ணா. பி.எஃப். 1,800 போக 36,200 கணக்கில் ஏறும்.

பழைய பேரோல்: அப்போது இரண்டையும் கேளுங்கள். வங்கிக்காரர் கணக்கு அறிக்கையில் பார்ப்பது 36,200-ஐ. தொழில்வரி பிடிக்கிற மாதம் இன்னும் குறையும், அது சம்பளச் சீட்டிலேயே தெரிந்துவிடும். சேர்ந்த தேதி, பதவி, நிரந்தரப் பணியா என்பதும் வேண்டும். பொதுவான கடிதத்தைச் சில கிளைகள் ஏற்கும், சில மேலாளர் பெயரிட்டுக் கேட்கும். முதலில் கிளையில் விசாரியுங்கள். 'உடனடியாக' என்பதற்குப் பதில் தேதி போடுங்கள்.

"ஐயா, வீட்டுக் கடன் விண்ணப்பத்துடன் இணைக்க, நான் சேர்ந்த தேதி, பதவி, பணி நிரந்தரம், மொத்தச் சம்பளம், பிடித்தம் போகக் கைக்கு வரும் தொகை ஆகியவை கொண்ட பணிச் சான்றிதழைக் கிளை மேலாளர் பெயருக்கு, நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், கையொப்பம் முத்திரையுடன் 20-ஆம் தேதிக்குள் தர வேண்டுகிறேன். இதனால் நிறுவனத்துக்குக் கடன் பொறுப்பு ஏதும் இல்லை."

பான் கார்டில் உள்ள பெயரும் கம்பெனிப் பதிவும் ஒன்றா?

கேட்டவர்: இல்லை அண்ணா. கம்பெனியில் இனிஷியல் மட்டும். பானில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது.

கோவைக்காரர்: எனக்கும் அதே சிக்கல். இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுத்தேன், எடுத்துக்கொண்டார்கள்.

பழைய பேரோல்: எல்லாக் கிளையும் அதை ஒத்துக்கொள்ளாது. பானில் உள்ளபடி பெயரெழுதி, பணியாளர் எண்ணையும் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள்.

கேட்டவர்: ஹெச்.ஆர். பதிவில் இருக்கிற பெயரைத்தான் போடுவோம் என்கிறார். நாளை கிளையில் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.