‘காம்பென்சேட்டட் அட்டெனுவேட்டர்’: ஈடுசெய்ததா, சமன்செய்ததா?

தொகுப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் மாணவர்களுக்கான செய்முறைக் கையேட்டில் அலைவுகாட்டி பற்றிய பகுதியைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அலைவுகாட்டியின் புரோபுக்கு ‘ஆய்முனை’ என்று சென்ற மாதமே இங்கு முடிவு செய்துவிட்டோம். இப்போது 10X ஆய்முனையின் உட்புறத்துக்கு வந்திருக்கிறேன். முனையில் 9 மெகாஓம் மின்தடை, அதற்கு இணையாக ஒரு சிறு மின்தேக்கி. மறுமுனையில் அலைவுகாட்டியின் 1 மெகாஓம், அதற்கு இணையாகக் கேபிளும் கருவியின் உள்ளீடும் சேர்ந்த மின்தேக்கம். சைகையைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துக் கருவிக்குக் கொடுக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் ‘காம்பென்சேட்டட் அட்டெனுவேட்டர்’ என்கிறார்கள். ‘ஈடுசெய்த மெலிப்பான்’ என்று எழுதலாமா? ‘தணிப்பான்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு ‘மெலிப்பான்’ பிடித்திருக்கிறது; அலையின் வடிவம் மாறாமல் உயரம் மட்டும் குறைவதை அது சொல்கிறது.

மின்னியல் மாணவி எழுதியது:

ஐயா, ‘ஈடுசெய்த’ மிகப் பொருத்தமாக இருக்கிறது. ஆய்முனையை வைத்ததும் சுற்றுக்கு ஒரு பாதிப்பு ஏற்படுகிறது. ஆய்முனையிலுள்ள திருத்துமின்தேக்கியின் திருகைத் திருப்பி அந்தப் பாதிப்பை ஈடுசெய்கிறோம். அதன்பின் 10 மெகாஓம் மட்டுமே மிஞ்சுகிறது. அது எந்தச் சுற்றுக்கும் ஒரு பொருட்டே இல்லை. ஆய்வகத்தில் எங்களுக்கு இப்படித்தான் சொல்லித் தந்தார்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

தங்கையின் மடலைப் படித்த பிறகுதான் ‘ஈடுசெய்த’ என்ற சொல் வேண்டாம் என்று எனக்கு உறுதியாகப் பட்டது. 10 மெகாஓம் என்பது நேர்மின்னோட்டத்துக்குச் சரிதான். ஆனால் திருகைத் திருப்புவதால் சுற்றுக்கு ஏற்பட்ட பாதிப்பு எதுவும் திரும்பக் கிடைப்பதில்லை. ‘ஈடு’ என்றதும் இழந்ததைத் திருப்பித் தருவது என்றுதான் யாருக்கும் தோன்றும். நட்டஈடு என்று அன்றாடம் சொல்லிப் பழகிவிட்டோம்.

ஓர் எடுத்துக்காட்டை எண்களோடு போட்டுப் பார்ப்போம். கேபிள், திருத்துமின்தேக்கி, கருவியின் உள்ளீடு எல்லாம் சேர்ந்து 108 பிக்கோஃபாரடு என்று கொள்வோம். முனையில் வெறும் 9 மெகாஓம் மட்டும் இருந்தால் என்ன ஆகும்? அந்த 108 பிக்கோஃபாரடு, 9 மெகாஓமும் 1 மெகாஓமும் இணையாகச் சேர்ந்த 0.9 மெகாஓம் வழியாக நிரம்ப வேண்டும். வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 1.6 கிலோஹெர்ட்ஸ். மனிதக் குரலைக்கூட ஒழுங்காகக் காட்டாத கருவியாகிவிடும்! அதனால்தான் 9 மெகாஓமுக்கு இணையாக 12 பிக்கோஃபாரடு வைக்கிறார்கள். நிபந்தனை இதுதான்:

R1·C1 = R2·C2

9 × 12 = 108; 1 × 108 = 108. இரண்டு பக்கமும் 108 மைக்ரோவிநாடி. இப்போது மின்தடைகளும் பத்தில் ஒன்றாகப் பிரிக்கின்றன, மின்தேக்கிகளும் பத்தில் ஒன்றாகப் பிரிக்கின்றன. அதிர்வெண் எதுவானாலும் விகிதம் மாறாது.

ஆனால் சுற்றுக்குத் தெரிவது விகிதம் அல்ல. 12 பிக்கோஃபாரடும் 108 பிக்கோஃபாரடும் தொடராகச் சேர்ந்து 10.8 பிக்கோஃபாரடாக அதன்மேல் தொங்குகின்றன. 10 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 1,470 ஓம். 100 மெகாஹெர்ட்ஸில் 150 ஓம்கூட இல்லை. ஆய்முனைமேல் அச்சிட்டிருக்கும் 10 மெகாஓமை நம்பி வேகமான சைகையைத் தொடுகிறவர், தெரியாமலே சுற்றோடு ஓர் 150 ஓம் மின்மறுப்பை இணைக்கிறார். திருகு எவ்வளவு சரியாக இருந்தாலும் இந்தப் பாரம் இறங்காது.

பழுதுநீக்குநர், கோவை எழுதியது:

எந்த ஆய்முனை நல்லது என்ற பேச்சு நடப்பதால் என் கதையையும் சொல்கிறேன். ஒரு மின்னணுக் கடிகாரப் பலகையில் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம். கடிகாரம் ஓடுகிறது. அலை வருகிறதா என்று 10X முனையைப் படிகத்தின் ஒரு காலில் வைத்தால் உடனே நின்றுவிடுகிறது, எடுத்தால் மறுபடி ஓடுகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் திருகைச் சரிசெய்து பார்த்தேன். மூலைகள் நேராகத்தான் இருந்தன. அப்படியும் நிற்கிறது. ஆய்முனை மலிவானது என்பதால்தானே? விலை கூடியது வாங்கினால் சரியாகுமா?

வைகைக்கரையான் எழுதியது:

அண்ணா, கேள்வி சொல்லைப் பற்றியது என்றாலும் நீங்கள் சொன்ன நிகழ்வுதான் இந்த விவாதத்துக்கே சான்று. உங்கள் ஆய்முனையில் குறை இல்லை. சதுர அலை நேராக இருந்தது, விகிதம் சரியாக இருந்தது, ஆனாலும் சுற்று நின்றது. ‘ஈடு’ கிடைத்திருந்தால் நின்றிருக்கக் கூடாதே.

நீங்கள் தொட்டது பெரும்பாலும், படிகத்தை ஓட்டும் பெருக்கியான தலைகீழாக்கியின் உள்ளீட்டுக் கால். அந்தக் காலை நடு மின்னழுத்தத்தில் நிறுத்தி வைப்பது, வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் ஒரு பெரிய மின்தடை. 10 மெகாஓம் அளவில் இருக்கும். உங்கள் ஆய்முனை அதே காலிலிருந்து தரைக்கு இன்னொரு 10 மெகாஓமைக் கட்டுகிறது. உள்ளீடு, வெளியீட்டின் பாதிக்கு இழுபட்டுவிடும். உள்ளீட்டை நடுவில் நிறுத்த வேண்டுமானால் வெளியீடு உச்சத்துக்கே போயாக வேண்டும். அங்கே பெருக்கம் செத்துவிடுகிறது, அலைவும் நிற்கிறது. 10 மெகாஓம் ‘பொருட்டே இல்லை’ என்று தங்கை எழுதியதற்கு மறுப்பு இதிலேயே இருக்கிறது. சுற்றின் மின்தடையும் மெகாஓம் கணக்கில் இருந்தால் அது பெரிய பொருட்டு.

அலைவு நிற்காமல் ஓடினாலும் மின்தேக்கம் விடாது. 12.5 பிக்கோஃபாரடு சுமைக்கென்று செய்த படிகத்தின் ஒரு காலில் 10.8ஐக் கூட்டினால் படிகத்துக்குத் தெரியும் சுமை 14.7 ஆகிவிடும். கடிகாரம் மெதுவாகும், தொட்டிருக்கும் வரை நாளொன்றுக்கு ஒரு விநாடி அளவில் பிந்தும் வேகம்.

வெளியீட்டுக் காலைத் தொட்டுப் பாருங்கள், அங்கே பெருக்கியே ஓட்டுவதால் தாங்க வாய்ப்பு அதிகம். அதைவிட நல்லது, சில்லில் கடிகாரச் சைகையை வெளியே கொடுக்கும் கால் இருந்தால் அங்கே அளப்பது. 1X நிலைக்கு மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். கேபிளின் முழு மின்தேக்கமும் நேராகப் படிகத்தின்மேல் விழும்.

ஈழத்து ஆசிரியர் எழுதியது:

எங்கள் பாடநூல்களில் ‘மின்தேக்கம்’ இல்லை, ‘கொள்ளளவம்’ என்றே படித்தோம். கையேட்டின் சொற்பட்டியலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தாருங்கள், இங்குள்ள பிள்ளைகளும் வாசிப்பார்கள்.

‘ஈடுசெய்த’ என்பதற்கு எதிரான வாதத்தை ஏற்கிறேன். பதிலாக என்ன? ‘இசைவித்த மெலிப்பான்’ என்று எண்ணிப் பார்த்தேன். ஆனால் ‘ஒத்திசைவு’ என்று ரெசொனன்ஸுக்கு ஏற்கெனவே வழங்குகிறோம். இங்கே ஒத்திசைவு எதுவும் இல்லாததால் மாணவர் குழம்புவர்.

மின்னியல் மாணவி எழுதியது:

நன்றி அண்ணா, புரிந்தது. ஒரு ஐயம். திருகு அதிகமாகத் திரும்பியிருந்தால் மூலையில் அலை கூடுதலாக எழும்பி நிற்கும். எங்கள் ஆய்வகத்தில் வேகமான துடிப்பை அளந்தபோது ஏறுமுகத்தில் அப்படித்தான் எழும்பி நடுங்கியது. திருகைச் சரிசெய்தும் போகவில்லை. அதுவும் இதே குறைதானா?

வைகைக்கரையான் எழுதியது:

நேர அளவைப் பாருங்கள். திருகின் பிழை எவ்வளவு நேரத்தில் அடங்கும் என்பதைத் தீர்மானிப்பது, 0.9 மெகாஓமும் 12, 108 பிக்கோஃபாரடுகளின் கூட்டுத்தொகையும்: 108 மைக்ரோவிநாடி. அதனால்தான் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையைக் கொடுத்துத் திருத்துகிறோம். அதன் அரைச் சுற்று 500 மைக்ரோவிநாடி, பிழை வளைந்து அடங்குவது முழுவதுமாகத் திரையில் தெரியும். உங்கள் நடுக்கம் நானோவிநாடிக் கணக்கில் இருந்திருக்கும். அது தரைக்கம்பியின் வேலை. 15 சென்டிமீட்டர் கம்பியின் தூண்டமும் அந்த 10.8 பிக்கோஃபாரடும் சேர்ந்து 125 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மணியடிக்கும். முனையில் குட்டையான சுருள் தரையைப் போட்டால் குறையும். திருகுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

திருகின் பிழை வேறு விதமாகவும் ஏமாற்றும். இந்த ஆய்முனையைக் கழற்றி, உள்ளீட்டு மின்தேக்கம் 10 பிக்கோஃபாரடு கூடுதலான வேறு அலைவுகாட்டியில் அப்படியே செருகுகிறோம் என்று வையுங்கள். 108 இப்போது 118. மின்தடை விகிதம் மாறவில்லை, ஆகவே மின்கலத்தை அளந்தால் சரியான அளவு. ஆனால் மின்தேக்கிகளின் விகிதம் 12-இன் கீழ் 130, பத்தில் ஒன்றைவிட 7.7 விழுக்காடு குறைவு. 5 வோல்ட் சைகை ஒரேயடியாக ஏறினால் திரையில் 4.6 வோல்ட் வரை தாவி, பிறகு நூறு மைக்ரோவிநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்ல 5-ஐ எட்டும். சதுர அலையில் இது மழுங்கிய மூலையாகக் கண்ணுக்குப் படும். 10 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையிலோ வடிவம் அழகாகவே இருக்கும், உயரம் மட்டும் குறைந்திருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆய்முனையைக் கருவி மாற்றும்போதெல்லாம் திருத்தச் சொல்வது இதனால்தான். கையேட்டில் இது கட்டாயம் இடம்பெற வேண்டும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘சமன்செய்த மெலிப்பான்’ என்பது என் பரிந்துரை. இரண்டு மின்தடைகள் ஒரு பிரிப்பான், இரண்டு மின்தேக்கிகள் இன்னொரு பிரிப்பான். இரண்டின் நடுப்புள்ளிகளையும் ஒரு கம்பி இணைக்கிறது. R1·C1 = R2·C2 ஆனதும் அந்தக் கம்பியில் எந்த அதிர்வெண்ணிலும் மின்னோட்டம் இல்லை; வெட்டிவிட்டாலும் எதுவும் மாறாது. வீட்ஸ்டன் பாலம் சமனில் இருப்பதும் இப்படித்தான். பாலத்துக்குச் ‘சமன்’ என்று பள்ளியிலேயே படித்தவர்களுக்கு இந்தச் சொல் பொருளோடு வந்து சேரும். சுற்றுக்கு ஏதோ திரும்பக் கிடைத்தது என்ற எண்ணத்தையும் தராது.

ஈழத்து ஆசிரியர் எழுதியது:

பால வாதம் வலுவானது. ஒரேயொரு தயக்கம்: வேறுபாட்டுச் சைகைகளுக்கான ‘பேலன்ஸ்டு’ மெலிப்பானும் உண்டு. அதற்கும் ‘சமன்’ என்றுதான் எழுதுவோம். இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் என்ன செய்வது?

பழுதுநீக்குநர், கோவை எழுதியது:

வெளியீட்டுக் காலில் வைத்தேன், நிற்கவில்லை. உயரம் குறைந்த சைன் போன்ற அலை தெரிகிறது. மின்தேக்கம் இன்னும் குறைந்த ஆய்முனை இருக்கிறதா?

வைகைக்கரையான் எழுதியது:

இருக்கிறது அண்ணா, முனையிலேயே டிரான்சிஸ்டர் பெருக்கி வைத்தவை. 1 பிக்கோஃபாரடு அளவுக்கு இறங்கும். விலை அதிகம், அதிக மின்னழுத்தம் தாங்காது. கடிகாரப் பலகைக்காக வாங்க வேண்டாம்.

ஐயாவின் தயக்கத்துக்கு: வேறுபாட்டு வகையை ‘இருபுறச் சமமெலிப்பான்’ என்று பிரிக்கலாம். எனக்கே அது முழு நிறைவு தரவில்லை.

தொகுப்பாளர் எழுதியது:

கையேட்டில் ‘சமன்செய்த மெலிப்பான்’ என்று எழுதுகிறேன். திருகு வேலைக்குச் ‘சமன்திருத்தம்’. ‘கொள்ளளவம்’ சொற்பட்டியலில் சேரும். வேறுபாட்டு வகைக்கான சொல் திறந்தே இருக்கட்டும்.

‘லோடிங்’ மீதமிருக்கிறது. ‘சுமையேற்றம்’ என்று எழுதி வைத்திருந்தேன், ஆனால் மின்வாரியப் பேச்சில் சுமை என்றால் நாமே விரும்பி இணைக்கும் கருவி. ஆய்முனை வேண்டாமலே ஏறுகிற பாரம். வைகைக்கரையான் தம் மடலில் இயல்பாகப் ‘பாரம்’ என்றே எழுதியிருக்கிறார். ‘ஆய்முனைப் பாரம்’ சரிவருமா? அடுத்த அத்தியாயத்தின் அட்டவணையில் 10 மெகாஓம், 10.8 பிக்கோஃபாரடு இரண்டையும் அந்தத் தலைப்பின்கீழ் போட எண்ணியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.