உதவி: லிப்ட் இல்லை, தலைக்கு மேல் இடிப்பு, வாடகையைக் குறைக்க எப்படி எழுதுவது?

அல்சூர் குடித்தனம்: அவசரம். லிப்ட் ஓடவில்லை. காலையிலிருந்து சுத்தியல் சத்தம். வாடகையைக் குறைக்கச் சொல்லி வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத வேண்டும். மாதிரி இருந்தால் தாருங்கள்.

தோம்லூர் மணி: எத்தனையாவது மாடி? இடிப்பது யார்? வாடகை எவ்வளவு?

சட்டப்புலி: கடிதமே வேண்டாம். சொத்து மாற்றுச் சட்டம் 108ஆம் பிரிவு வாடகைதாரருக்குப் பிடித்துக்கொள்ள உரிமை தருகிறது. பாதியை மட்டும் அனுப்புங்கள்.

பழைய குடித்தனக்காரர்: புலியாரே, பிரிவை முழுதாகப் படியுங்கள். வீட்டுக்காரர் செய்ய வேண்டிய பழுதைச் சொல்லியும் செய்யாவிட்டால், நாமே செலவழித்துச் சரிசெய்து அந்தத் தொகையைக் கழிக்கலாம் என்றுதான் அது சொல்கிறது. சத்தத்துக்குக் கழிக்க அதில் இடமில்லை. தானாகப் பிடித்தால் அது வாடகை பாக்கி. பிறகு அட்வான்ஸில் கழிக்க அவருக்கு நல்ல சாக்கு.

ஜெயந்தி: அட்வான்ஸ் என்றதும் நினைவு வருகிறது. என்னிடம் பத்து மாத வாடகை வாங்கி, சுண்ணாம்பு அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்தார்கள்!

சட்டப்புலி: பத்து மாதம் கொடுத்தது உங்கள் தவறு.

ஜெயந்தி: அன்று கொடுக்காமல் பெங்களூரில் வீடு கிடைத்ததா? சொல்லுங்கள்.

அல்சூர் குடித்தனம்: நான்காவது மாடி. வாடகை 24,000, பராமரிப்பு தனி. லிப்டை மாற்றுவது குடியிருப்போர் சங்கம், மொத்தம் 35 நாள் என்று அறிவிப்பு. இடிப்பது ஐந்தாவது மாடி உரிமையாளர். அம்மாவுக்கு முழங்கால் வலி.

தோம்லூர் மணி: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். இரண்டையும் ஒரே புகாராக எழுதாதீர்கள். லிப்ட் உங்கள் வாடகையில் அடங்கிய வசதி, அதற்குப் பணம் கேளுங்கள். மேல்மாடி இடிப்பு உங்கள் வீட்டுக்காரர் கையில் இல்லை. அதற்கு நேரக் கட்டுப்பாடு கேளுங்கள். சங்கத்தில் உறுப்பினர் அவர்தான், நீங்கள் சொன்னால் எடுபடாது. ஒரு நாள் வாடகை 800 ரூபாய். அதில் 15 சதவீதம் 120. 35 நாளுக்கு 4,200. சதவீதம் சட்டத்தில் உள்ளதல்ல, பேரத்துக்கான தொடக்கம்.

இப்படி எழுதலாம்: “ஐயா, லிப்ட் 35 நாள் இயங்காது என்று சங்கம் அறிவித்துள்ளது. அம்மாவால் நான்கு மாடி ஏற முடியவில்லை. அடுத்த மாத வாடகையில் 4,200 ரூபாய் குறைத்துக்கொள்ள ஒப்புதல் தருமாறு கேட்கிறேன். லிப்ட் அதற்கு முன்பே ஓடினால் நாள் கணக்கில் தொகையும் குறையும். ஐந்தாம் மாடி வேலையைக் காலை 10 முதல் மாலை 5 வரை மட்டும் செய்யச் சங்கத்திடம் நீங்கள் பேச வேண்டும்.” அறிவிப்பின் படத்தையும் இணையுங்கள். பதில் வரும்வரை முழு வாடகையும் செலுத்துங்கள்.

பழைய குடித்தனக்காரர்: ஒப்பந்தத்தில் ‘பொது வசதி தடைப்பட்டால் குறைப்பு இல்லை’ என்ற வரி இருந்தால் இது வெறும் வேண்டுகோள்தான். யாராவது அதைப் படித்தீர்களா?

ஜெயந்தி: நாங்கள் கேட்டபோது காலி செய்யச் சொன்னார்கள்.

அல்சூர் குடித்தனம்: அனுப்பினேன். 2,500 குறைப்பதாகத் தொலைபேசியில் சொன்னார். சத்தத்தைப் பற்றிப் பேசவில்லை.

தோம்லூர் மணி: தொலைபேசியிலா? ‘நீங்கள் சொன்னபடி 2,500 குறைத்து அனுப்புகிறேன்’ என்று இப்போதே ஒரு செய்தி போடுங்கள். போட்டீர்களா?