சீதபேதியில் மலப் பரிசோதனை: அமீபா தெரியவில்லை என்றால் அமீபா இல்லை என்று பொருளா?

கயல்விழி:
என் மாமனாருக்குச் சளியும் இரத்தமும் கலந்து வயிற்றுப்போக்கு ஏற்பட்டது. இரவு பத்து மணிக்குப் பிடித்த மலத்தை ஃபிரிட்ஜில் வைத்திருந்து, மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்தில் கொடுத்தார்கள். சீழ் செல்கள் 30–40, சிவப்பணுக்கள் 15–20, ஓவா, சிஸ்ட், அமீபா காணப்படவில்லை என்று அறிக்கை வந்துள்ளது. இதை வைத்து அமீபா இல்லை என்று முடிவு செய்யலாமா?

துரைசாமி:
ஃபிரிட்ஜில் வைத்தது சரியான முறைதான். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு நாள் வரை மலம் கெடாது. ஆகவே அறிக்கையைத் தாராளமாக நம்பலாம்.

நிர்மலா, ஆய்வக நுட்பநர்:
துரைசாமி ஐயா சொல்வது கெட்டியான மலத்திற்குப் பொருந்தும். அதில் இருக்கும், அமீபாவின் உறங்குநிலையான சிஸ்டுக்கு உறுதியான உறை உண்டு என்பதால் அது குளிரைத் தாங்கும். நீராகப் போகும் மலத்தில் இருப்பதோ உறையற்று நகரும் அமீபா. வெளியேறிய அரை மணி நேரத்திற்குள் நுண்நோக்கியில் பார்த்தால்தான் அதன் அசைவைக் காண முடியும், குளிரில் வைத்தால் அசைவு நின்று, பிறகு உருவமும் சிதைந்துவிடும். எனவே அந்த அறிக்கையால் அமீபா இல்லை என்று உறுதி சொல்ல முடியாது, அம்மா.

இத்தகைய நோயாளிகளை நான் ஆய்வகத்திற்கே வரச் சொல்வேன். முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, பிறகு உலர்ந்த, அகன்ற வாயுள்ள டப்பாவிலேயே நேராகப் பிடிக்க வேண்டும். சிறுநீரோ கழிப்பறைத் தண்ணீரோ கலந்தால் அமீபா அழிந்துவிடும். அதிலும் சளியும் இரத்தமும் படிந்த பகுதியே எங்களுக்கு வேண்டும். சிவப்பணுவை விழுங்கிய அமீபா கண்ணில் பட்டால் ஐயத்திற்கு இடமில்லை. ஒரு முறை தெரியாவிட்டால், ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று மாதிரிகள் கேட்பது வழக்கம்.

ஆனால் உங்கள் அறிக்கையில் சீழ் செல்கள் மிகுதியாக இருப்பதால், ஷிகெல்லா போன்ற பாக்டீரியாவாகவும் இருக்கலாம். அமீபா சீழ் செல்களைச் சிதைத்துவிடுவதால், அமீபா சீதபேதியில் அவை பெரும்பாலும் குறைவாகவே தெரியும். ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்குக் கொடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ராபியா:
என் கைக்குழந்தையின் டயப்பரிலிருந்து வழித்துக் கொடுத்தோம். ரெடியூசிங் சப்ஸ்டன்ஸ் நெகட்டிவ் என்று வந்தது. பால் செரிக்கிறது என்றுதானே பொருள்?

நிர்மலா, ஆய்வக நுட்பநர்:
அந்தச் சோதனை தேடும் செரிக்காத சர்க்கரை நீர்ப்பகுதியில்தான் இருக்கும். அந்த நீரை டயப்பர் உறிஞ்சிவிடும். டயப்பருக்குள் சுத்தமான பிளாஸ்டிக் தாளை விரித்து, அதில் தேங்கும் நீரோடு சேர்த்து உடனே கொடுத்துப் பாருங்கள்.

கயல்விழி:
இன்று அவரை ஆய்வகத்திற்கே அழைத்துச் சென்றோம். புதிய மாதிரியிலும் அமீபா தெரியவில்லை; சீழ் செல்கள் முன்போலவே உள்ளன. கல்ச்சருக்கும் கொடுத்திருக்கிறோம். ஆனால் நேற்றே மருந்துக்கடையில் வாங்கிய ஆன்டிபயாட்டிக்கை அவர் விழுங்கியிருப்பது இப்போதுதான் தெரிய வந்தது. கிருமி வளரவில்லை என்று வந்தால் அதை எப்படி எடுத்துக்கொள்வது?

நிர்மலா, ஆய்வக நுட்பநர்:
மாத்திரையின் பெயரையும் சாப்பிட்ட நேரத்தையும் ஆய்வகத்திலும் மருத்துவரிடமும் இன்றே சொல்லிவிடுங்கள். வளர்ந்தால் அந்த முடிவு பயன்படும். வளரவில்லை என்றால் பாக்டீரியா இல்லை என்று அதைக் கொண்டு சொல்ல இயலாது.