பாட்டிலில் அடைத்த ஸ்பார்க்ளிங் ஒயினில் குமிழி வரவில்லை. காத்திருப்பதா, கெக்குக்கு மாற்றுவதா?

கெண்ட்_கதிர்

வணக்கம். இங்கிலாந்தில் கெண்ட் பக்கம் இருக்கிறேன். வீட்டுத் தோட்டத்தில் செய்வால் பிளாங்க் திராட்சைக் கொடிகள் இருக்கின்றன, போன அக்டோபரில் பறித்த பழத்தில் 20 லிட்டர் வெள்ளை ஒயின் கிடைத்தது. பழத்தில் இனிப்பு போதாமல் சர்க்கரை சேர்த்துத்தான் நொதிக்க வைத்தேன், 12.3 சதவீத ஆல்கஹாலில் முடிந்தது. ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி 0.992. வண்டலிலிருந்து இறுத்து எடுத்தபோது கேலனுக்கு ஒரு கேம்ப்டன் சல்ஃபைட் மாத்திரை போட்டேன்.

ஜனவரியில் ஷாம்பெயின் செய்கிற மாதிரி லிட்டருக்கு 24 கிராம் வீதம் 480 கிராம் சர்க்கரை கரைத்து ஊற்றி, இசி-1118 ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்து மேலே தூவி, கொஞ்சம் கலக்கிவிட்டு, கனமான ஷாம்பெயின் பாட்டில்களில் நிரப்பிச் சோடா மூடி அடித்துக் கராஜில் படுக்க வைத்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒன்றைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். ஒயின் இன்னும் இனிக்கிறது.

இன்னும் காத்திருக்கலாமா? இல்லை எல்லாவற்றையும் பியர் கெக்கில் ஊற்றி, புரொசெக்கோ மாதிரி தொட்டி முறையில் முடித்துவிடலாமா? அப்படிச் செய்தால் குமிழி மட்டமாக இருக்குமா?

மணி_மதுரை

பாட்டில் வாயில் ஒரு சில்வர் ஸ்பூனைக் காம்பு உள்ளே போகிற மாதிரி தொங்கவிட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், கேஸ் போகாது என்பார்கள். எங்கள் ஹோட்டலில் அப்படித்தான் வைப்போம்.

கெண்ட்_கதிர்

அண்ணா, இது திறந்து மிச்சம் வைத்த பாட்டில் இல்லை. கேஸ் உருவாகவே இல்லை, அதுதான் பிரச்சினை.

ஸ்கார்பரோ_செல்வன்

குளிர்தான் காரணம். ஜனவரியில் கராஜ் என்றால் 5, 6 டிகிரிதானே இருக்கும், அந்த ஈஸ்டுக்குக் குறைந்தது 10 டிகிரியாவது வேண்டும். வீட்டுக்குள் கொண்டுவந்து வையுங்கள், தானாக வேலை செய்யும். ஆல்கஹால் பற்றிக் கவலை வேண்டாம், இசி-1118 18 சதவீதம் வரை தாங்கும் என்று பாக்கெட்டுக்காரனே சொல்கிறான்.

தொட்டி முறை பக்கம் போகாதீர்கள். அது சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றுவது, சோடா மாதிரி. குமிழி பெரிது பெரிதாக வந்து இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். பாட்டிலில் உண்டாகிற கேஸ் மெதுவாக ஒயினோடு கலப்பதால்தான் பொடிக் குமிழியாக வருகிறது.

எபர்னே_சாந்தி

கதிர், குளிர் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. நான் ஷாம்பெயின் பகுதியில் நிலவறை வேலையில் இருக்கிறேன். இங்கே நிலவறை 10, 12 டிகிரிதான், அதிலேயே இரண்டாம் நொதித்தல் ஆறு, எட்டு வாரத்தில் முடிந்துவிடுகிறது. வித்தியாசம் எங்கே என்றால், நாங்கள் உலர்ந்த ஈஸ்டை நேராக ஒயினில் போடுவதே இல்லை.

செல்வன் சொல்கிற 18 சதவீதம், சாற்றில் பிறந்து, ஆல்கஹால் கொஞ்சம் கொஞ்சமாக ஏற ஏறப் பழகிக்கொண்ட ஈஸ்டுக்கு. பாக்கெட்டிலிருந்து எழும்போதே 12.3 சதவீத ஆல்கஹால், குளிர், புளிப்பு, அதற்கு மேல் சல்ஃபைட் எல்லாம் ஒரே நேரத்தில் தாக்கினால் அது எழாமலே செத்துப்போகும். இந்த வேலைக்கு அடிப்படை ஒயின் 10.5, 11 சதவீதத்தில் நிற்பது நல்லது. 24 கிராம் சர்க்கரை இன்னும் 1.4 சதவீதம் ஏற்றும், ஆகவே உங்கள் ஈஸ்ட் 13.7 வரை போயாக வேண்டும், அதுவும் 6 பார் அழுத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு.

எனக்கு அதிக சந்தேகம் கேம்ப்டன் மேல்தான். கேலனுக்கு ஒரு மாத்திரை என்றால் லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் சல்ஃபர் டை ஆக்சைடு. அதில் ஒரு பங்கு ஒயினோடு சேர்ந்து அடங்கிவிடும், மீதி அடங்காமல் நிற்கும். அந்த மீதி 15க்கு மேல் இருந்தாலே பாட்டிலில் ஈஸ்ட் திணறும். செய்வால் நல்ல புளிப்புள்ள திராட்சை, புளிப்பு கூடக் கூட அதே அளவு சல்ஃபைட் இன்னும் கடுமையாக வேலை செய்யும்.

முதலில் மந்தமா, மரணமா என்று பாருங்கள். இரண்டு பாட்டிலை 18 டிகிரி இருக்கிற அறையில், துணி சுற்றி ஒரு பெட்டிக்குள் பத்து நாள் வையுங்கள். அப்புறம் நன்றாகக் குளிர வைத்துத் திறந்து, கேஸ் போகும்வரை ஆற்றி ஹைட்ரோமீட்டரில் பாருங்கள். 0.992 ஒயினில் 24 கிராம் சர்க்கரை சேர்த்தால் 1.001 பக்கம் வரும். வாசிப்பு அங்கேயே நின்றால் ஒன்றும் நடக்கவில்லை. 0.995க்கு இறங்கியிருந்தால் செல்வன் சொன்னதுதான் சரி, வெப்பம் போதும்.

சிலிண்டர் கதையைத் தொட்டி வேலை தெரிந்தவர் சொல்லட்டும்.

ட்ரெவீசோ_ரவி

நான் சொல்கிறேன். புரொசெக்கோ செய்கிற ஊரில், தொட்டி அறையில்தான் வேலை. கேஸ் ஏற்றிச் செய்கிற மலிவு ஒயின் தனியாக உண்டு, அதன் லேபிளில் அப்படியே எழுத வேண்டும். தொட்டி முறை அது இல்லை. அடிப்படை ஒயின், சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் உங்கள் பாட்டிலில் போனதேதான், பாத்திரம்தான் பெரிது. இத்தாலிக்காரர்கள் இதை மார்தினொத்தி முறை என்பார்கள், 1895இல் ஆஸ்தியில் வேலை செய்த மார்தினொத்தி கண்டுபிடித்தது. ஷார்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1907இல் அதை மெருகேற்றியதால் உலகம் அவர் பெயரைச் சொல்கிறது.

கதிருக்கு வந்த பிரச்சினை எங்களுக்கு வந்தால் இரண்டாம் நாளே தெரியும், அழுத்தமானி முள் ஏறாது. குழாயைத் திறந்து கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம், தொட்டியின் சுற்றுச்சுவருக்குள் ஓடுகிற தண்ணீரை வெதுவெதுப்பாக்குவோம், கலக்கியை ஓட்டுவோம், அப்படியும் அசையவில்லை என்றால் புது ஈஸ்ட் விடுவோம். பாட்டிலில் மூடி அடித்த பிறகு கையே வைக்க முடியாது.

ஆனால் எங்கள் கஷ்டம் கடைசியில் இருக்கிறது. ஒரு மாதம் போல நொதித்து முடிந்ததும் உறைநிலைக்குக் கீழே இறக்குவோம், தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி படிந்து நிற்கும். பிறகு வடிகட்டுவதும் பாட்டிலில் நிரப்புவதும் அதே அழுத்தத்தில் நடக்க வேண்டும். எங்கேயாவது அழுத்தம் விழுந்தால் கேஸ் அத்தனையும் நுரையாகப் பொங்கி வெளியே போய்விடும்.

கெக் யோசனையும் அங்கேதான் இடிக்கும். கெக்கின் மேல் அச்சடித்த அழுத்த அளவைப் பாருங்கள், அது 6 பாரைத் தாங்கினாலும், வீட்டில் பியர் நிரப்ப விற்கிற கருவி 2, 3 பார் வரைக்கும்தான். 6 பார் ஒயினை அதில் நிரப்பினால் பாதி தரையில் இருக்கும். கெக்கிலிருந்தே கிளாஸில் பிடித்துக் குடிப்பதாக இருந்தால், சர்க்கரையை லிட்டருக்கு 10 கிராம் அளவில் நிறுத்தி 2.5 பாருக்குச் செய்யலாம். உங்கள் ஒயினில் ஏற்கெனவே 24 கிடக்கிறதே.

ஸ்கார்பரோ_செல்வன்

சரி ரவி, கேஸ் ஏற்றுவதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குமிழி வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறதே? ஷாம்பெயினையும் புரொசெக்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள்.

எபர்னே_சாந்தி

தெரியும், ஆனால் காரணம் நீங்கள் சொல்வது இல்லை. கரைந்த கேஸுக்குத் தான் பாட்டிலில் பிறந்தோமா தொட்டியில் பிறந்தோமா என்று ஞாபகம் இருக்காது. ரேன்ஸ் பல்கலைக்கழகத்தில் லிஜே-பெலேர் என்ற இயற்பியலாளர் கிளாஸுக்குள் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார். குமிழி எழும்புவது பெரும்பாலும் கிளாஸில் ஒட்டியிருக்கிற துணி நூல், காகிதத் தூசி இவற்றுக்குள் சிக்கிய காற்றிலிருந்துதான். அது எவ்வளவு பெருக்கும் என்பது ஒயினில் எவ்வளவு கேஸ் மிச்சம் இருக்கிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது. வருடக்கணக்கில் கிடந்த பாட்டிலில் மூடி வழியாகக் கொஞ்சம் கேஸ் கசிந்து குறைந்திருக்கும், அதனால் பொடியாக வரும். சோப்பு மிச்சம் இருக்கிற கிளாஸில் ஊற்றினால் எந்த முறையில் செய்த ஒயினிலும் நுரை நிற்காது.

முறையால் வருகிற நிஜ வித்தியாசம் வண்டல். செத்த ஈஸ்ட் மாதக்கணக்கில் ஒயினோடு கிடந்து மெல்லக் கரையும்போதுதான் அந்த ரொட்டி வாசனை, வாயில் ஒரு வழுவழுப்பு, நுரை நிற்க உதவுகிற சில புரதங்கள் எல்லாம் வருகின்றன. சாதாரண ஷாம்பெயினே 12 மாதமாவது வண்டலோடு கிடக்க வேண்டும் என்பது சட்டம். புரொசெக்கோவின் க்ளேரா திராட்சைக்கு அது கெடுதல், அதன் பேரிக்காய், பூ வாசனை எல்லாம் அதற்குள் போய்விடும். செய்வாலுக்கு அப்படிப் பெரிய மணம் கிடையாது, புளிப்புதான் அதன் சொத்து, அதனால் பாட்டிலில் கிடப்பதுதான் அதற்கு நல்லது என்பேன்.

ஸ்கார்பரோ_செல்வன்

வண்டல் புரதம் நுரையை நிறுத்துகிறது என்றால் குமிழியும் அதனால்தானே பொடியாகத் தெரிகிறது? எனக்கு அது இன்னும் சமாதானம் ஆகவில்லை.

கெண்ட்_கதிர்

சாந்தி அக்கா சொன்னபடி பார்த்துவிட்டேன். அறையில் வைத்த இரண்டில் ஒன்று 1.000. அசையவே இல்லை. ஆனால் இன்னொன்று 'டப்' என்று திறந்தது, நல்ல குமிழி, இனிப்பும் குறைவு, 0.994. அது கடைசியாக நிரப்பிய பாட்டில்களில் ஒன்று. ஒரே வாளி ஒயின், ஒரே ஈஸ்ட், எப்படி இரண்டு விதம்?

எபர்னே_சாந்தி

தூவிய ஈஸ்ட் வாளியின் அடியில் இறங்கியிருக்கிறது. கடைசிப் பாட்டில்களுக்கு மொத்தமும் போய்விட்டது, முதல் பாட்டில்களுக்கு ஏறக்குறைய ஒன்றுமில்லை. நாங்கள் நிரப்பி முடிக்கும்வரை கலக்கிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

ஒவ்வொரு பாட்டிலையும் டார்ச் வெளிச்சத்தில் அசைக்காமல் பாருங்கள். படுத்திருக்கிற பக்கத்தில் வெளிர் நிறத்தில் விரல் அகலத்துக்குப் பட்டையாகப் படிவு இருந்தால் அது வேலை செய்கிறது, தொடாதீர்கள், 15 டிகிரியில் விடுங்கள். பாதுகாப்புக் கண்ணாடியும் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு கையாளுங்கள். படிவு இல்லாதவற்றைக் குளிர வைத்துத் திறந்து, தளும்பாமல் மெல்ல ஒரு வாளியில் சேருங்கள்.

தயிருக்கு உறை குத்துவது மாதிரி, உயிரோட்டமான ஈஸ்டைத் தயார் செய்துதான் ஊற்ற வேண்டும். பாக்கெட்டை 35 முதல் 40 டிகிரி தண்ணீரில் கால் மணி நேரம் ஊற விடுங்கள். அறை வெப்பத்துக்கு இறங்கியதும் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீரும் அதே அளவு உங்கள் ஒயினும் சேருங்கள். நுரைக்க ஆரம்பித்ததும் அளவு இரட்டிக்கிற மாதிரி ஒயின் ஊற்றுங்கள், மறுநாள் இன்னொரு தடவை. மூன்று நான்கு நாளில் 8, 9 சதவீத ஆல்கஹாலில் சுறுசுறுப்பாக நுரைக்கிற கலவை கிடைக்கும். 20 லிட்டருக்கு ஒரு லிட்டர் அது போதும். ஊற்றுவதற்கு முன்னால் சல்ஃபைட் அளவைச் சோதித்துவிடுங்கள், அதிகமாக நின்றால் இந்த ஈஸ்டும் போய்விடும்.

மணி_மதுரை

திரும்பவும் சர்க்கரை 24 கிராம் போட வேண்டுமா?

எபர்னே_சாந்தி

கூடவே கூடாது. பழைய 24 கிராம் அப்படியே உள்ளே இருக்கிறது. நான்கு கிராமுக்கு ஒரு பார் என்று கணக்கு. இன்னொரு 24 போட்டால் 12 பார் ஆகும், எந்தப் பாட்டிலும் அதற்காகச் செய்யப்படவில்லை. ஹைட்ரோமீட்டர் 1.000 காட்டுகிற வாளிக்கு ஒரு கிராம்கூடத் தேவையில்லை.

கெண்ட்_கதிர்

டார்ச் அடித்துப் பார்த்தேன். ஏழு பாட்டிலில் பட்டை தெளிவாக இருக்கிறது. மூன்றில் நூல் மாதிரி மெல்லிய கோடு மட்டும், அதை எந்தப் பக்கம் சேர்ப்பது?

எபர்னே_சாந்தி

அந்த மூன்றையும் தனியாக 18 டிகிரியில் வையுங்கள், வாளியில் கலக்க வேண்டாம். பாதி நொதித்ததை நொதிக்காததோடு கலந்தால் சர்க்கரைக் கணக்கு யாருக்கும் தெரியாமல் போகும். மூன்று வாரத்தில் பட்டை தடித்தால் ஏழோடு சேருங்கள். தடிக்கவில்லை என்றால் ஒன்றைத் திறந்து வாசிப்பை இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.